பச்சை காட்டிய பரப்பு

ஒரு பரப்பைச் சரிபார்க்கும்போது கேதீஸ்வரன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு தூரத்திலிருந்து திரையைப் பார்ப்பார். கார்களின் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சுகளை, அதாவது மோல்டுகளை, செய்யும் கிள்ளான் நிறுவனம் ஒன்றில், அந்தப் பாகங்களின் வளைபரப்புகளைக் கணினியில் அமைப்பது அவருடைய வேலை. அமைத்த பரப்பின்மேல் வரிக்குதிரைக்கு உள்ளவை போன்ற கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிடுவார். ஒரு பரப்பிலிருந்து அடுத்த பரப்புக்குக் கோடு நெளியாமல் கடந்தால்தான் அவருக்குத் திருப்தி.

மோல்டின் எஃகைக் கையால் மெருகேற்றும் தம்புசாமி, தேநீர் வேளையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேலி செய்வான்.

"அண்ணே, இன்னிக்கும் குதிரை ஓட்டறீங்களா? பேசாம ரேஸ் கோர்ஸ்ல சேர்ந்திருக்கலாம்லா!"

"என் குதிரை இங்க இடறினா, அங்க நீதான் கை ஓய தேய்க்கணும். போய் கல்லை எடு."

அது வெறும் கேலி அன்று. வளைபரப்பைப் பிடித்திழுத்து வடிவம் தருபவை அதன் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். இரண்டு பரப்புகளுக்கு இடையே ஓர் இணைப்புப் பரப்பை வைத்து, சேர்ந்த இடமே தெரியாதபடி செய்ய வேண்டுமானால், இரு ஓரங்களிலும் வளைவின் அளவுகூட மாறாமல் தொடர வேண்டும். அதற்கு ஓரத்துக்கு மூன்று வரிசைப் புள்ளிகள் தேவை. இரண்டு ஓரங்களுக்கு ஆறு. பரப்பின் சமன்பாடு ஐந்தாம் படியில் இருந்தால் ஆறு வரிசைகளும் துண்டுபடாத ஒரே பரப்பில் அடங்கிவிடும். மூன்றாம் படியில் நான்குதான் அடங்கும். அதற்குமேல் புள்ளி சேர்த்தால் பரப்பு உள்ளுக்குள் துண்டுகளாகப் பிரியும். புள்ளிகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் பரப்பைத் தன் பக்கம் சற்றே இழுக்கும். அளவுகோலுக்கு எட்டாத அந்த நெளிவைப் பளபளக்கும் கறுப்பு வண்ணம் காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கேதீஸ்வரன் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அலுவலகத்தின் வழக்கமோ வேறு. இரு பரப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மென்பொருள் அளக்கும்; அது அனுமதித்த அளவுக்குள் இருந்தால் ஓரம் முழுவதும் பச்சையாகும். மேலாளர் பரமேஸ்வரன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கிரீன் ஆச்சா?" வரிக்குதிரைச் சோதனையைக் கேதீஸ்வரன் பார்த்துக்கொள்வார் என்பதால் வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

காரின் பின்கதவில் பொருந்தும் பளபளப்பான கறுப்புப் பட்டை ஒன்று வேலையில் இருந்தது. அதில் கேமராவுக்கான குழியை இடம் மாற்றும்படி வாடிக்கையாளர் கேட்டிருந்தார். பட்டையின் கணினிக் கோப்பு அன்று மாலைக்குள் எஃகு வெட்டும் பிரிவுக்குப் போயாக வேண்டும். மதியத்துக்குப் பின் கேதீஸ்வரனின் கைப்பேசி ஒலித்தது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள டயாலிசிஸ் மையம். சிகிச்சையின் நடுவில் அவருடைய மனைவி குணபூசணியின் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டதாம்; உடனே வரச் சொன்னார்கள்.

குழியின் விளிம்பை அவர் பெரிய பரப்பில் வெட்டி வைத்திருந்தார். அப்படி ட்ரிம் செய்த பரப்பு அழிவதில்லை. வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி மறைந்து மட்டும் கிடக்கும். வெட்டிய ஓரம் பரப்பின் இயல்பான ஓரமும் அன்று. தோராயமாகக் கணக்கிட்ட கோடு. அதனால் முதலில் சீரான விளிம்பு வளைவு ஒன்றை வரைந்து, இரு பரப்புகளையும் அதற்கேற்பப் பின்னுக்கு வெட்டி, இடையில் ஆறே வரிசையில் இணைப்பைப் போடுவது அவர் முறை. அதற்குப் பொழுது வேண்டும். அன்று அவர் இணைப்பை வெட்டிய ஓரத்திலேயே நேராக ஒட்டவைத்தார். இடைவெளி சிவப்பாகக் காட்டியது. புள்ளிகளைக் கூட்டினார். மஞ்சளானது. மேலும் கூட்டினார். ஓரம் முழுவதும் பச்சையானது.

"கேதீஸ், கிரீன் ஆச்சா?" என்றார் பரமேஸ்வரன்.

"கிரீன், பாஸ்."

வரிக்குதிரைக் கோடுகளை அவர் ஓடவிடவில்லை. கொமுட்டர் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

குணபூசணி கண் திறந்ததும், "வேலையை விட்டிட்டு ஏன் வந்தனீங்கள்?" என்றுதான் கேட்டாள். "அந்தக் கார்டு இல்லாட்டி எனக்கு இந்த மெஷினும் இல்லையப்பா" என்றாள். நிறுவனம் கொடுத்திருந்த மருத்துவ அட்டையைத்தான் சொன்னாள்.

"ஓமப்பா. வேலையை முடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

எஃகு வெட்டப்பட்டது. தம்புசாமி அதைக் கல்லாலும் வைரப் பசையாலும் மெருகேற்றினான். முதல் பட்டைகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, நீண்ட விளக்குகளின் கீழே வைத்தார்கள். கேமராக் குழியைச் சுற்றி விளக்கின் பிம்பம் தண்ணீரில் விழுந்ததுபோல் நெளிந்தது.

கேதீஸ்வரன் தம் மேசைக்குத் திரும்பி, அன்று தவிர்த்த கோடுகளை இப்போது ஓடவிட்டார். திரையிலும் அதே நெளிவு, அதே இடத்தில். கோப்பை மூடினார்.

மோல்டை அளந்து கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் பச்சை. நெளிவு அந்த அளவீட்டின் வரம்பைவிடச் சிறியது. தவிர, கோப்பே நெளிந்திருந்ததால் மோல்ட் அதனோடு ஒத்துப்போனது.

"கோப்பும் கிரீன், கட்டிங்கும் கிரீன். அப்ப என்ன மிச்சம்?" என்றார் பரமேஸ்வரன். "ஒரே இடத்துல போட்டு அழுத்தித் தேய்ச்சிருக்கே, தம்பு. அலை அடிச்சுருச்சு."

அப்படியும் நேர்வதுண்டு. மென்மையான கருவியால் ஓரிடத்தை மிகையாகத் தேய்த்தால் எஃகு அலைபோல் ஆகிவிடும்.

"இல்ல பாஸ். நான் கல்லை மாத்தி மாத்தித்தான் போட்டேன். அண்ணனைக் கேளுங்க, நம்ம வேலை அவருக்குத் தெரியும்."

இருவரும் கேதீஸ்வரனைப் பார்த்தார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாலிஷிங் பத்தி நான் என்ன சொல்றது, பாஸ்" என்றார்.

அந்த வாரமே தம்புசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பழுதான பகுதிக்கு மட்டும் புதிய எஃகுத் துண்டு செய்ய முடிவாயிற்று. கோப்பைச் சும்மா ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பும்படி பரமேஸ்வரன் சொன்னார்.

கேதீஸ்வரன் சும்மா பார்க்கவில்லை. பழைய இணைப்பை அழித்தார். மறைந்து கிடந்த பெரிய பரப்பின் வெட்டை நீக்கி, சீரான விளிம்பு வளைவை வரைந்து, அதன்படி புதிதாக வெட்டினார். ஐந்தாம் படி, ஆறு வரிசை. இடைவெளி ஒரு மூலையில் மஞ்சளாகவே நின்றபோதும் புள்ளியைக் கூட்டவில்லை. விளிம்பு வளைவைத் திருத்தித்தான் அதைப் பச்சையாக்கினார். கோடுகள் ஒரு பரப்பிலிருந்து மறு பரப்புக்கு வழுக்கிக்கொண்டு போயின. இத்தனை சுத்தமாக அவர் எதையும் அமைத்ததில்லை.

புதிய துண்டை வெளியிலிருந்து வந்த வேறொருவர் மெருகேற்றினார். பட்டை விளக்கின் கீழே வந்தது. பிம்பம் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடியது. பரமேஸ்வரன் அதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார்.

"பாத்தீங்களா? ஆளை மாத்தினதும் சரியாப் போச்சு. நான் சொன்னேன்லா?"

தம்புசாமிமேல் தவறில்லையோ என்ற ஐயம் அதுவரை யாருக்கேனும் மிச்சமிருந்தால், அன்றோடு அதுவும் தீர்ந்தது. குற்றத்தை நிரூபித்தது கேதீஸ்வரனின் திருத்தம்.

தன் சொந்தக் கற்களையும் கருவிகளையும் எடுத்துப்போகத் தம்புசாமி வந்தபோது, வாயிற்காவலர் அவனை உள்ளே விடவில்லை. பெட்டியைக் கேதீஸ்வரன்தான் வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார். லோரிகள் போய்வரும் வழியோரத்தில் இருவரும் நின்றார்கள்.

"அண்ணே, புதுத் துண்டு நல்லா வந்துச்சாமே?"

"ம்."

"அதே கோப்புதானே?"

கேதீஸ்வரன் பெட்டியின் கைப்பிடியை இன்னும் விடவில்லை. "அதேதான்" என்றார்.

தம்புசாமி வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப என் கைதான் போல. எனக்கே தெரியாமப் போயிருச்சுண்ணே. வேற எடத்துல கேட்டிருந்தேன், நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகவா வேணாமான்னு யோசிக்கிறேன். மறுபடி ஒரு மோல்டைக் கெடுத்துட்டா?"

போ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு எந்த மருத்துவ அட்டையும் பறிபோயிருக்காது. ஆனால் உன் கை நன்றாகத்தான் இருக்கிறது என்றால், அது எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும்.

"கொஞ்ச நாள் ஓய்வு எடு, தம்பு" என்றார் கேதீஸ்வரன்.

தம்புசாமி தலையசைத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டான். வலது கையால் பிடித்தவன், ஏதோ நினைத்துக்கொண்டு இடது கைக்கு மாற்றினான்.