பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்

என் மகள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லக்ஷ்மிபாய் நகரில் அவளுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில்தான் நானும் இருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குர்கானில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவர், வருகிறவர்கள் விளையாட மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு வீடியோ கேம் பெட்டி செய்து தரச் சொன்னார். பிடித்தால் தன் மற்றக் கடைகளுக்கும் மாப்பிள்ளையிடமே வாங்குவாராம். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய் அண்ணன் கடையில் உட்காரவேண்டியதுதான் என்று மாப்பிள்ளை மகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

பால்கனியில் வைத்து பிளைவுட்டை அறுத்தார். பழைய மானிட்டர் ஒன்று உள்ளே போயிற்று. கம்ப்யூட்டர் என்று சொன்னது சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது. ஆட்டுகிற குச்சியிலிருந்தும் பொத்தான்களிலிருந்தும் வரும் ஒயர்கள் எல்லாம் என்கோடர் என்கிற சின்னப் பச்சை அட்டையில் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு. எதை அழுத்தினோம் என்று அந்த அட்டைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். சுவிட்சைப் போட்டால் படங்களோடு விளையாட்டுகளின் வரிசை வரும். குச்சியால் மேலே கீழே நகர்த்தி வேண்டியதை எடுக்கலாம்.

“அத்தை விளையாடிப் பாக்கட்டும். அவங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்” என்று மாப்பிள்ளை மகளிடம் சொன்னார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் போகும்.

“போம்மா, உனக்கும் ஒரு வேலை கெடச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மகள் டூட்டிக்குப் போய்விட்டாள்.

ஒரு குட்டி விமானம் கற்களைச் சுடும் விளையாட்டு. மாப்பிள்ளையே அதை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். என் விமானம் சீக்கிரமே உடைந்தது. திரும்ப விளையாட, காசு போட்டதாகக் காட்ட ஒன்று, ஆரம்பிக்க ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள். ஃபேனையும் லைட்டையும் ஒரே சமயத்தில் போடுகிற மாதிரி இரண்டு விரலால் சேர்த்து அழுத்தினேன். விளையாட்டே காணாமல் போய் வரிசை வந்து நின்றது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். கரண்டு போதவில்லை என்று அடாப்டரை மாற்றினார். பிறகு மெமரி கார்டை மாற்றி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். அவர் விளையாடும்போது ஒன்றும் ஆகவில்லை. நான் உட்கார்ந்தால் போய்விடும்.

“போர்டே போச்சு போல. நாளைக்குக் கடைக்காரரு வந்துருவாரு” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏதோ சொல்லவேண்டும்போல் இருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் மகள் வந்து முகம் கழுவும்போது மெதுவாகச் சொன்னேன். “நான் அமுக்கும்போதுதான் போவுது. அவங்ககிட்ட சொல்லு.”

“பக்கத்து ரூம்லதான இருக்காரு, நீயே சொல்லேன்.”

“நல்லாருக்கு போ.”

அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெட்டி முன்னால் உட்காரவைத்தாள். “அமுக்கு, நான் பாக்கேன்.” அழுத்தினேன். போயிற்று.

“ஏங்க, இங்க வாங்க! அம்மா ரெண்டையும் சேத்துல்லா அமுக்குதா!”

மாப்பிள்ளை வந்து நின்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “ரெண்டையும் சேத்து அமுக்கினா கேம விட்டு வெளிய வந்துரும். அப்படித்தான் செட் ஆயிருக்கு. நான் மாத்தாம விட்டுட்டேன். கடைக்கு வாற பிள்ளேள் எல்லாம் இப்படித்தான அமுக்கும்!”

“அடாப்டர மாத்துறதுக்கு முந்தி எங்கம்மாட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“அவங்க எங்க பேசுதாங்க?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

அப்போதே பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு, மிச்சம் இருந்த கறுப்புப் பொத்தானை மாட்டினார். என்கோடரில் காலியாக இருந்த இடத்தில் அதன் ஒயரைச் செருகினார். பிறகு பொத்தான்களைக் கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து அடையாளம் காட்டினார். அது மேலே எது, கீழே எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, அவர் அசைத்தும் அழுத்தியும் காட்டினார். பின்னால் இருப்பதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் இனி வெளியே வரும்.

மறுநாள் கடைக்காரர் வந்தார். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றேன். விமானம் உடைந்ததும் அவர் பெரிய உள்ளங்கையை இரண்டு பொத்தான்மேலும் சேர்த்து வைத்து அழுத்தினார். விளையாட்டு அப்படியே இருந்தது.

“பந்த் கைசே ஹோகா, பையா?” எப்படி மூடுவது என்று கேட்டார். மாப்பிள்ளை பெட்டியைத் திருப்பி முதுகைக் காட்டினார்.

“அச்சா, அச்சா.” டீயைக் குடித்து முடித்து, இன்னும் இரண்டு செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டுத் திரைப் பக்கம் பார்த்தார். “அத்தை, அடுத்ததையும் நீங்கதான் பாக்கணும்.”

மகள் டூட்டியில் இருந்தாள். சொல்லி அனுப்ப ஆளில்லை. “சரி மாப்ள” என்றேன்.