தாய்மாமன் பெயருக்கு ஒரு கறை வேண்டாமாம்

சிவக்குமாரை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. நல்ல பையன்தான். நல்ல பையனாக இருந்ததுதான் கேடு.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. செப்டம்பர் வரை சென்னையில் வேலை, அக்டோபரில் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியது. ஏப்ரலில் தொடங்கும் அந்த வரி ஆண்டில் ஆறு மாதம் இங்கே இருந்துவிட்டதால் ஜெர்மன் சம்பளத்துக்கும் நம் நாட்டில் வரி உண்டு. அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கு 67ஆம் படிவமும், வரி பிடித்த சான்றும் தரவேண்டும்.

கணக்குத் தாக்கல் செய்தது தாய்மாமன் உக்கிரபாண்டி. ஊர்க் கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவர். கழிவைக் கேட்டார், படிவத்தைப் போடவில்லை. வருமான வரி போர்ட்டலில் தன் மெயிலையும் தன் போன் நம்பரையுமே கொடுத்து வைத்திருந்தார். கணக்குப் போட்ட பின் வந்த ஜனவரியில் துறை கேட்டது: படிவம் எங்கே, முப்பது நாளில் பதில் சொல்லுங்கள். மாமா பார்த்தார், மூடினார், வாயே திறக்கவில்லை. படிவம் போட மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். அதுவும் போனது.

ஜெர்மனியிலிருந்து திரும்பி, ஆனையூரில் வீடு வாங்க பேங்கில் லோன் கேட்டபோதுதான் பையன் போர்ட்டலைத் திறந்தான். கழிவு இல்லை, வட்டியோடு நாலேகால் லட்சம் கட்டு என்றிருந்தது. வீட்டுக்கு வைத்திருந்த முன்பணமே அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடி வந்தான்.

காகிதமெல்லாம் கச்சிதம். கம்பெனி தந்த இரண்டு ஆண்டு வரிச் சான்றிதழ், மாதச் சம்பளச் சீட்டு. அங்கே காலண்டர் ஆண்டுதான் கணக்கு என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை சீட்டிலிருந்து எடுத்தேன். பென்ஷன், மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் வரியாகாது, தள்ளினேன். படிவத்தைத் தாமதமாகவே போட்டு, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவை எழுத உட்கார்ந்தேன்.

"தம்பி, உண்மையை எழுதுவோம். நோட்டீஸ் உங்க மாமா மெயிலுக்குப் போச்சு, உன்கிட்ட சொல்லல. இதுதான் நடந்ததுன்னு அவர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"வேணாம்க்கா. என் காதுகுத்துக்கு மடியில வச்சிருந்தவரு. அவரு பேருக்குக் கறை வரக்கூடாது. நான்தான் மறந்துட்டேன்னு போடுங்க."

"மறதியை யாரு மன்னிப்பா? வீடு போயிரும்டா."

"போகட்டும்க்கா."

எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சான்றுகளில் குறை சொல்லவே இல்லை. மனுதாரரின் சொந்தக் கவனக்குறைவு போதிய காரணம் ஆகாது, மனு தள்ளுபடி. அப்பீல் போகலாம் என்றேன். தலையாட்டினான், வரவில்லை. முன்பணத்தை எடுத்துக் கட்டிவிட்டான்.

போன வாரம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உக்கிரபாண்டி. பக்கத்தில் சிவக்குமார், அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நம்ம பய இருக்கானே, நான் ஒழுங்காத்தான் போட்டுக் குடுத்தேன். டவுன் ஆடிட்டர்ட்ட போயி நாலு லட்சத்தத் தொலைச்சுட்டு வந்துட்டான்," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

சிவக்குமார் என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமா மாமா," என்றான்.