கடைசிப் படத்தில் ஐந்து வரி

நானும் தோழியும் இன்ஸ்டாவில் ஒரு பக்கம் நடத்தினோம். அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்த அவள் எழுதுவாள். வண்ணார்பேட்டையில் ஒரு டிசைன் கடையில் வேலை பார்த்த நான் படம் செய்வேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கேரசல் பதிவுகள். பாம்புக்கடி முதலுதவிக்கு ஒன்பது படங்கள் செய்து, பத்தாவதில் பூ வரைந்து, 'நன்றி, பின்தொடருங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

டூட்டி முடிந்ததும் அவள் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, நன்றியை எவ ஸ்கிரீன்ஷாட் எடுப்பா? இன்னைக்கு ஒருத்தர வாழத்தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்தாவ. கால இறுக்கிக் கட்டி, வீங்கிக் கெடக்கு. மவ கையில போன் இருக்கு. அந்தப் பதட்டத்துல பத்துப் படத்தையும் தள்ளிப் பாப்பாளா?"

பூ இருந்த பத்தாவது படத்தில் ஒன்பதையும் திணித்தேன். கை நீட்டி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. ஏன், எதுக்குன்னு முன்னாலேயே சொல்லியாச்சுல்லா? இதுல செய்ய வேண்டியது மட்டும் போதும்."

வெட்டி வெட்டி ஐந்து வரிக்கு வந்தோம். நடக்க விடாதீர்கள், கடிபட்ட இடத்தை அசைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். கீறவோ உறிஞ்சவோ கூடாது. மோதிரம், கொலுசு கழற்றுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் படம் மட்டும் தனியே பிரிந்து போனாலும் விளங்கட்டும் என்று மேலே 'பாம்பு கடித்தால்' என்று தலைப்பிட்டோம். வெள்ளையில் பெரிய கறுப்பு எழுத்து. பக்கத்தின் பெயர் மூலையில் சின்னதாக. பூவை எடுத்துவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

பதிவைப் போட்ட பிறகு, சேமித்தவர்களும் பகிர்ந்தவர்களும் எத்தனை பேர் என்று தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களின் கணக்கை மட்டும் இன்ஸ்டா காட்டாது. "எங்கன, யாரு கையில இருக்கோ" என்பாள்.

மறுவருஷம் அவள் வேலைக்காக வெளிநாடு போனாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தை நான் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா, பேத்தி படம் காட்டப் போனில் தேடினாள். நடுவே எங்கள் ஐந்து வரி ஓடியது. மேலே நேரமும் பேட்டரிக் குறியும் தெரிந்தன; யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்.

"இது ஏதுக்கா?"

"மவ அனுப்புனா. வாழக்குள்ள வேலைக்குப் போறோம்லா, கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்."

கேட்டுக்கொண்டு அவள் போனை அப்படியே ஒரு படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன்.

மறுநாள் வாட்ஸப்பில் தோழியின் குரல் பதிவு வந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரோட்டோரம் வாழையெல்லாம் தார் விட்டுட்டாட்டி? ஆத்துல தண்ணி போவுதா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, எப்ப வாற என்று கேட்டேன்.

"லீவு இல்லட்டி" என்றாள். அதற்குப் பிறகும் நெடுநேரம் ஆன்லைனிலேயே இருந்தாள்.