முத்திரை வைக்க முடியாத கோப்பு

நகராட்சி அலுவலகத்தில் அந்த எழுத்தரை எல்லோரும் 'சீல்' என்றுதான் சொல்வார்கள். முத்திரை குத்தாமல் ஒரு தாளும் அவர் மேசையைத் தாண்டாது. கணினியில் இருக்கும் பட்டியலைக் கேட்டால்கூட அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் குத்தி, ஸ்கேன் செய்துதான் அனுப்புவார்.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பெண்ணின் கடிதம் அவரிடம் வந்தது. பொதுக் கழிப்பறைகளின் பட்டியல், இடமும் திறக்கும் நேரமுமாக வேண்டுமாம். நாளெல்லாம் வண்டியில் அலையும் பெண்களுக்காகக் கைப்பேசியில் வரைபடம் போடவாம். 'ஸ்கேன் செய்த படம் வேண்டாம். அதிலிருந்து கணினி சரியாகப் பிரித்தெடுக்காது. கணினி நேரடியாகப் படிக்கும் சிஎஸ்வி கோப்பாக அனுப்பவும்' என்று முடித்திருந்தாள்.

"இதுல சீல் எங்கம்மா வைக்கிறது?" என்று போனில் எகிறினார்.

"கூட அனுப்புற கடிதத்துல வைங்க சார். கோப்பை அப்படியே விட்டுடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எக்செல் பட்டியலைச் சிஎஸ்வியாகச் சேமித்தார். பழக்கதோஷம், வரி வரியாகச் சரிபார்த்தார். ஒரு வரியில் கண் நின்றது: 'நகராட்சி அலுவலக வாசல், பெண்கள், காலை ஆறு முதல் இரவு பத்து வரை.'

அந்தக் கழிப்பறையின் சாவி அவர் இழுப்பறையில்தான் கிடந்தது, முத்திரைக்குப் பக்கத்தில். திறந்து விட்டால் நாறிவிடும் என்று பூட்டியவரும் அவரேதான்.

அந்த வரியை அழிக்க ஒரு பொத்தான் போதும். விரல் அதன் மேல் போய், திரும்பியது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றாள் அடுத்த மேசைக்காரி.

"பட்டியல்ல ஒரு வரி தப்பும்மா. திருத்திட்டு வரேன்."