மேற்கிலிருந்து வந்த காலை வெளிச்சம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். ஒரு படுக்கையறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு என்று நான் அலுவலகத்தில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு போனை எடுத்தால், ஏதோ ஒரு கட்டடத்தின் காவலாளி.

"உங்க அண்ணன் வீடு பார்க்க வந்தாரும்மா. மாடிப்படியில உட்கார்ந்தார். இங்க காத்து நல்லா வருதேன்னு சொன்னார். அப்புறம் பேசல. மூச்சும் இல்லம்மா."

என் அண்ணன் ஒரு வீட்டுத் தரகர். விளம்பரம் எழுதுவது என் வேலை, அதைக் கெடுப்பது அவர் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார். பிறகு ஒரு ஜன்னலில் காகித நாடா ஒன்றைப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். "காத்து வந்தா மட்டும் போதாது. போறதுக்கும் வழி வேணும்" என்பார். மற்ற தரகர்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபியூஸ்காரர்.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீடு எங்களிடம் வெகுநாளாக விலைபோகாமல் கிடந்தது. 'கிழக்கு பார்த்த வீடு, வெளிச்சம் கொட்டும்' என்று எழுதியிருந்தேன். இரண்டும் உண்மைதான். வாசல் கிழக்கு. வெளிச்சம் மட்டும் மேற்கே இருந்த பால்கனி வழியாகக் கொட்டும், அதுவும் சாயங்காலத்தில்.

ஒரு நாள் மாலை நாலரைக்கு, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் மாமனாரை அழைத்துக்கொண்டு வந்தாள். கூடம் தங்கமாக ஜொலித்தது. பெரியவர் சோபாவில் சாய்ந்து, "காலையில லைட் போடாம பேப்பர் படிக்கணும். எனக்கு அது போதும்" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தார்.

"அய்யா, இது சாயங்கால வெளிச்சம். வாசல்தான் கிழக்கு, ஜன்னல் எல்லாம் மேற்கு. வாசலுக்கு வெளியே நடைபாதையும் லிஃப்ட்டும். காலைச் சூரியன் உள்ள வரணும்னா லிஃப்ட்ல ஏறித்தான் வரணும்."

நர்ஸ் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "உங்க அண்ணன் வாய்க்கு ஒரு பிளாஸ்திரி போடட்டுமா? தங்கச்சி வீட்டுப் பக்கம் போய் இருக்கலாம்னு நான் எவ்வளவு நாளா காத்துக்கிடக்கேன்! இவங்களும் போயிட்டா நான் வேற தரகரைப் பார்த்துக்குவேன்."

அதற்குள் கூடத்தில் அண்ணன், "நாளைக்குக் காலையில வந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் ஏழரைக்குப் பெரியவர் கக்கத்தில் பேப்பரோடு வந்துவிட்டார். அண்ணன் விளக்குகளை அணைத்தார். படம் தொடங்கப்போகும் தியேட்டர் போல இருந்தது கூடம். பெரியவர் பேப்பரை மூக்குவரை கொண்டுபோனார்.

"தலைப்பு தெரியுது. செய்தி தெரியல."

"இப்பல்லாம் தலைப்பே போதும் மாமா" என்றாள் மருமகள்.

நர்ஸ் அண்ணனை ஊசி போடுகிற பார்வை பார்த்தார். விலை பேசாமலே எல்லோரும் செருப்பைத் தேட ஆரம்பித்த நேரம், பால்கனி வழியாகப் பளீரென்று வெளிச்சம் வந்து பெரியவர் மடியில் விழுந்தது. சூரியன் நாங்கள் இருந்த கட்டடத்தைத் தாண்டி ஏறி, எதிரே இருந்த உயரமான கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து காலை வெயில்!

"இத்தனை வருஷமா இது எனக்கே தெரியாதே!" என்றார் நர்ஸ். நைட் டூட்டி பழக்கம் விடாமல், திரையை இழுத்துவிட்டு ஒன்பது மணிவரை தூங்குகிறவர் அவர். அதனால் நாங்களும் பத்து மணிக்கு முன்னால் அங்கே போனதில்லை.

அண்ணன் இப்போதாவது சும்மா இருந்திருக்கலாம்.

"அய்யா, இது இரவல் வெளிச்சம். எதிர்க்கட்டடத்துல கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டினா போச்சு. மாசத்துக்கு மாசம் விழற இடமும் மாறும்."

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். பெரியவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயசு. அவங்க ஒட்டறவரைக்கும் படிச்சுக்கறேன். கொஞ்சம் நகருங்க, உங்க நிழல் விழுது."

வீடு அன்றைக்கே முடிவானது. மருமகள் மட்டும், "சமையலறையில காத்து எப்படி?" என்று கேட்டாள். அண்ணன் காகித நாடாவை எடுத்துக்கொண்டு போனார். புகைபோக்கும் விசிறியைப் போட்டதும் நாடா வெளியே போகாமல் அவர் முகத்தில் வந்து ஒட்டியது. விசிறியைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

"அட கடவுளே!" என்றார் நர்ஸ். "வேணும்னே புகை விடறான்னு கீழ்வீட்டுக்காரியோட நான் பேச்சையே நிறுத்திட்டேனே!"

அவர்கள் குடிவருவதற்குள் தானே சரிசெய்து தருவதாக அண்ணன் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை திருப்புளியோடு போய் மூன்று திருகுகளைக் கழற்றினார். நான்காவது துருப்பிடித்திருந்தது, மறுபடி எண்ணெயோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். விசிறி இன்னும் அந்த ஒரு திருகில்தான், உள்பக்கம் பார்த்தபடி நிற்கிறது.