அவளுக்குப் பின்னால் நிற்காதீர்கள்

எழுபதுகளின் நடுவில், தாம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அந்த வருஷம் என் வகுப்பில் ஒருத்தி சேர்ந்தாள். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வருவாள். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை, அம்மா வீட்டிலேயே தையல். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவளுடைய நோட்டைப் பிடுங்கி எறிவாள். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். முட்டி போட வைத்தோம், வெயிலில் நிறுத்தினோம். மறுநாளும் அதேதான்.

தலைமையாசிரியை சிஸ்டர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கோடை விடுமுறையில் நான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். குழந்தைகளின் நடத்தையைக் கவனித்து எழுதி, அதற்கேற்ப மாற்றுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு அந்த மாதிரி ஒரு திட்டம் போடுங்க. எல்லாம் எழுத்துல இருக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

'எழுத்துல இருக்கட்டும்' என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதற்கு ஆதாரம் சேர்க்கிறாரோ என்று நினைத்தேன். கேட்கத் துணிவில்லை. சரி என்று வந்துவிட்டேன்.

முதலில் கவனிக்க வேண்டும். எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் மற்ற டீச்சர்களின் வகுப்பிலும் ஓரமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை அவள் கத்தும்போதும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்றையும் எழுதினேன். 'திமிர்', 'கெட்ட குணம்' என்றெல்லாம் எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதியபோதுதான் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மணி அடித்ததும் மேஜை அருகே வந்து நின்றாள்.

"என்னைப் பத்தித்தானே எழுதறீங்க டீச்சர்?"

"ஆமாம்."

"சிஸ்டர்கிட்ட குடுக்கத்தானே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அன்று மதியம் இரண்டு முறை பெஞ்சைத் தள்ளினாள்.

எழுதியதைப் படித்துப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. வரிசையாகச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லும்போது, அவள் முறை நெருங்க நெருங்க ரகளை தொடங்கியது. கத்திவிட்டால் வெளியே அனுப்பிவிடுவோம், படிக்க வேண்டியதில்லை. அதாவது நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவளுக்கு விடுதலை. இன்னொன்று எனக்குப் புரியவில்லை. டிக்டேஷன் போடும்போதும் கணக்குப் போடும்போதும் அவள் சும்மா இருந்த இடத்திலிருந்து திடீரென்று வெடித்தாள். அதற்கு முன் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

வேறு வழி தெரியாமல் அந்தத் தாளை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நேரமெடுத்து, விரல் வைத்துப் படித்தாள். 'எதுவும் நடக்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது பொய் டீச்சர். நீங்க பின்னாடி வந்து நின்னுக்கினு இருந்தீங்க."

யோசித்தேன். ஆமாம், டிக்டேஷன் போடும்போது பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பது என் பழக்கம். கணக்கு டீச்சரும் அப்படித்தான், தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்.

"பின்னாடி நின்னா என்ன?"

அவள் தாளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

திட்டத்தை எழுதினேன். கடைசி வரிசையில், முதுகுக்குச் சுவர் இருக்கும்படி அவளுக்கு இடம். யாரும் பின்னால் நிற்கக் கூடாது, நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் வந்து கேட்க வேண்டும். படிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் மேஜை மேல் ஒரு சிவப்பு அட்டையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் திரும்பி வந்து விட்ட வேலையை முடிக்க வேண்டும். நன்றாக இருந்த பீரியடில் அதை அவளிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு பரிசீலனை, காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஒன்று, முழுப் பரீட்சைக்கு முன் ஒன்று. தேதிகளைக் கீழே எழுதினேன்.

கையெழுத்துக்கு அம்மாவை வரச் சொன்னோம். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இன்னா சிஸ்டர் இது? எம் பொண்ணு மேல கேசு போடறீங்களா?"

"உதவி செய்யத்தாம்மா" என்றார் சிஸ்டர்.

"போன ஸ்கூல்லயும் இப்படித்தான் எழுதிக்கினே இருந்தாங்க. அப்பறம் வேற ஸ்கூல் பாத்துக்கோன்னு சீட்டக் கையில குடுத்துட்டாங்க." சற்று நிறுத்தினார். "அங்க ஒரு டீச்சர். பின்னாடியே வந்து நின்னு, தப்பா எழுதனா மண்டையில ஸ்கேலால அடிக்கும். இவ ராத்திரில கூடத் திடுக்குன்னு எழுந்துக்குவா."

கையெழுத்துப் போடாமலே அவர் எழுந்து போனார். கணவரிடம் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து போட்டார்.

முதல் வாரம் மோசமாகவே இருந்தது. சிவப்பு அட்டையை வைத்துவிட்டு எந்நேரமும் வெளியே போனாள். நாங்கள் சொன்னதைச் செய்வோமா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. யாரும் திட்டவில்லை. மெல்ல மெல்ல அட்டை வருவது குறைந்தது. ஆனால் கணக்கு வகுப்பில் மட்டும் ரகளை அதிகமானது. ஒருநாள் காம்பஸ் பெட்டியே பறந்தது.

பரிசீலனை நாளில் சிஸ்டர் தாள்களைப் புரட்டினார்.

"திட்டம் பலிக்கலையா?"

"தமிழ்ல, பூகோளத்துல குறைஞ்சிருக்கு சிஸ்டர். கணக்குல மட்டும்தான் இப்படி."

கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நடிக்கிறா. நிஜமா பயமான்னு பாக்கத்தான் சுவர்ப் பக்கத்துல இருந்து எழுப்பி நடு பெஞ்சுல உட்கார வெச்சேன். பின்னாடி போய் நின்னேன்."

நான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். டி.சி.க்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"சந்தேகம் இருந்தா என்கிட்ட வந்திருக்கணும், குழந்தைகிட்ட சோதிச்சுப் பாக்கக் கூடாது" என்றார் சிஸ்டர். "நாளையிலிருந்து உங்க வகுப்புலயும் சுவர்ப் பக்கம்தான்."

காலாண்டுக்குப் பிறகு கணக்கு வகுப்பிலும் சத்தம் அடங்கியது. கணக்கு டீச்சர் நோட்டு திருத்த முன்னால் வந்து குனிவதைப் பார்த்தேன். ரகளை அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை மழைநாளில் வகுப்பு முழுக்கச் சிரித்தபோது மறுபடி பெஞ்சைத் தள்ளினாள். பிறகு தானே நிமிர்த்தி வைத்தாள்.

கடைசிப் பரிசீலனைக்கு அம்மா வந்தபோது சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"இந்தக் காகிதமெல்லாம் எட்டாங்கிளாசுக்கும் போவுமா?"

அடுத்த ஆசிரியைக்குத் தெரிந்தால்தான் திட்டம் தொடரும் என்றேன். அவர் விடவில்லை. "பொட்டி வீசனது, கத்தனது எல்லாம் இருக்குதே. அதப் படிச்சுட்டு வர்றவங்க இவளை எப்படிப் பாப்பாங்க?"

அவர் கேட்டது நியாயம். சிஸ்டரும் நானும் பேசி, ஒரு புதுத் தாள் எழுதினோம். எது அவளைத் தொந்தரவு செய்யும், எது உதவும் என்பது மட்டும். நடந்த சம்பவங்கள் இல்லை. முதலில் அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். படித்துவிட்டு ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். பத்தியை முதல் நாளே சொன்னால் இப்போது அவளே படிப்பாள், முறை வரும் வரை காத்திருக்க வைக்க வேண்டாம், முதலிலேயே கூப்பிடலாம் என்று.

பழைய தாள்களை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றிரண்டை எடுத்து மறைத்துவிட்டோமா என்று வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். சிஸ்டர் முதலில் என்ன நினைத்து 'எழுத்துல இருக்கட்டும்' என்றார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். டி.சி. யாரும் கொடுக்கவில்லை.