சாமி படத்துக்குப் பின்னால் இருந்த டிசம்பர்

தலவாக்கலையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கடை எனக்கு இருக்கிறதா, கடைக்கு நான் இருக்கிறேனா என்பது இந்த ஆறு வருஷத்தில் எனக்கே குழம்பிப் போய்விட்டது.

கடையை எடுக்கும் முன்பு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. பேர் எழுதவும் பஸ் போர்டு வாசிக்கவும் போதுமான படிப்பு. தோட்டத்தில் இருந்தவரைக்கும் எந்தத் தேதியையும் நான் ஞாபகம் வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. காலையில் சங்கு ஊதினால் எழும்புவோம். ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போனால் இன்றைக்கு என்ன வேலை என்று கங்காணி சொல்வார். சம்பள நாளை ஆபிஸ் சொல்லும். தீபாவளிக்கு முற்பணம் எப்போது கிடைக்கும் என்பதை வரிசை வீட்டு லயத்தில் யாராவது கத்திக்கொண்டு போவார்கள். நாளும் நேரமும் நம்மைத் தேடி வந்து கூப்பிடும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டவன் நான். தேதியை நாம் தேடிப் போக வேண்டிய உலகம் ஒன்று இருப்பது, கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கடைக் கட்டடம் ஒரு சிங்கள முதலாளியுடையது. நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு என்று வடை வாங்கிப் போவார், காசு கொடுக்காமல் போனதே இல்லை. அவரும் நானும் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயா வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். குத்தகை எழுத்து முழுக்கச் சிங்களம். ஐயா கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார், பிறகு தமிழில் சொன்னார். அவர் சொன்னதில் என் காதில் நின்றது ஒன்றுதான். ரெண்டு வருஷம், மார்ச் மாதக் கடைசியில் முடியும். மற்றதெல்லாம் வெளியே பெய்த மழைச் சத்தத்தோடு போய்விட்டது. பொறுப்புக் கையெழுத்துப் போட வலப்பனையிலிருந்து என் மச்சான் வந்திருந்தார், மனைவியின் அண்ணன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாப்ள, இனிமே நீங்க முதலாளி, நான் உங்களுக்கு ஆளு" என்று சிரித்தார். அவருக்கு அங்கே கொஞ்சம் மரக்கறித் தோட்டம். வேறு ஒன்றும் கிடையாது.

கடை ஓடியது. கெடுத்தது குளிர்தான். மனைவிக்கு முதல் மழைக்காலத்திலேயே இழுப்பு வந்துவிட்டது. கடைக்குப் பின்னாலேயே எங்கள் அறை. ஒரு பக்கம் அடுப்புப் புகை, இன்னொரு பக்கம் சுவரில் ஊறுகிற ஈரம். ஒரு கூடை விறகைத் தூக்கி வைத்தால் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மருந்தை எழுதிவிட்டு, "இவங்கள சூடான ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, இந்த மருந்து பாதிதான் வேலை செய்யும்" என்றார். எங்கள் மகளை மாத்தளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம். இன்னும் கொஞ்ச நாள்தானே, மார்ச்சில் எழுத்து முடிகிறது, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம்.

பெப்ரவரியில் ஒரு நாள் முதலாளி வடை வாங்க வந்தபோது சொன்னேன். அவர் வடையைக் கீழே வைத்தார்.

"ஐயோ அண்ணே, இப்ப சொன்னா எப்படி? எக்ரிமெண்டு புதுசாகிப் போச்சு."

"எப்படிங்க முதலாளி? நான் ஒண்ணுலயும் கையெழுத்துப் போடலையே?"

"போடத் தேவையில்ல. போறதா இருந்தா மூணு மாசத்துக்கு முன்னால எழுதித் தரணும். தரல்லன்னா அதுவே இன்னும் ரெண்டு வருஷம் போகும். நொத்தாரிசு மாத்தியா அன்னைக்கே வாசிச்சார், நேத, இல்லயா?"

வாசித்துத்தான் இருப்பார். நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். முதலாளி அந்தக் குத்தகையைக் காட்டி பாங்கில் கடன் எடுத்திருந்தார். வாடகை நின்றால் அவருக்கு அங்கே தலையிடி. நான் சாவியை வைத்துவிட்டுப் போனால் மிச்ச வாடகைக்கு மச்சானைத்தான் பிடிப்பார்கள். வேறு ஆளுக்குக் கடையைக் கைமாற்றிக் கொடுக்கவும் எழுத்தில் இடமில்லை. வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் மருந்துக் குழாயை வாயில் வைத்து இழுத்து, மூச்சைப் பிடித்து, விட்ட பிறகுதான் பேசினாள்.

"அண்ணன் தோட்டத்துல கை வைக்க விடக்கூடாதுங்க. இருப்போம்."

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று வைராக்கியம். ஒன்றைப் புரிந்துகொண்டேன்: முடிகிற நாள் முக்கியமில்லை, சொல்ல வேண்டிய நாள்தான் முக்கியம். மார்ச்சை மறந்துவிட்டு டிசம்பரைப் பிடிக்க வேண்டும். ஆனால் அது அடுத்த வருஷத்து டிசம்பர். என்னிடம் இருந்ததோ அந்த வருஷக் கலண்டர். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிற கலண்டர், மேலே மட்டையில் முருகன் படம், ஹட்டனில் நான் சாமான் எடுக்கிற கடையில் கொடுத்தது. இல்லாத தாளில் எப்படி எழுதுவது? மட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் கரிப்பென்சிலால் பெரிதாக எழுதினேன். 'அடுத்த வருசம் டிசம்பர் முதலாளிக்கு எழுதிக் குடுக்கணும்.' வருஷக் கடைசியில் பழைய கலண்டரைக் கழற்றும்போது கண்ணில் படும், புதுக் கலண்டரில் ஏற்றிக்கொள்வேன். அதுதான் யோசனை.

ஜனவரி பிறந்தபோது நான் சாமான் எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் புதுக் கலண்டர் மாட்டியிருந்தது. பழையது எங்கே என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. சாமி படத்தை எங்கள் வீட்டில் யாரும் குப்பையில் போடுவதில்லை. மனைவி தாள்கட்டின் அடியைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டு, மட்டையை மட்டும் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தாள். முருகன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என் எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் முழுக்கத் தினம் காலையில் அந்தப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, "இங்கிருந்து எப்படியாவது கீழே இறக்கிவிடு சாமி" என்று கும்பிட்டேன். அவருடைய முதுகில்தான் வழி இருந்தது.

அதைப் பார்த்தது அடுத்த வருஷப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது. படத்தைக் கழற்றித் திருப்பினேன். டிசம்பர் போய் ஜனவரி பாதி வந்திருந்தது. கையில் சுண்ணாம்பு பிரஷோடு அப்படியே ஸ்டூலில் நின்றேன். மனைவி கீழே இருந்து, "என்னங்க, சாமியோட பேசிட்டு இருக்கீங்களா?" என்றாள். படத்தை இறக்கிக் கொடுத்தேன். வாசித்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக வாசிக்க வரும். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை, சுவரோரமாகப் படத்தைச் சாய்த்து வைத்தாள். அந்த மாதமே மகள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நான் இங்கே, அவள் அங்கே. விடியற்காலையில் மாவைப் பிசைந்துகொண்டு பேசுவேன். அவளுக்கு அங்கே மூச்சு நன்றாக வந்தது. பேச்சில் இழுப்புச் சத்தம் இல்லாததைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், போனை வைத்த பிறகு அறை பெரிசாகிவிடும். பனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ரோடும் தெரியாது, ஆள் நடமாட்டமும் தெரியாது. கடையைத் திறப்பதும் மூடுவதும் ஒரே வேலை போல இருக்கும்.

பக்கத்துக் கடையில் போட்டோகொப்பி போட்டு, போனுக்குக் காசு போட்டுக் கொடுக்கிற ஒரு லிந்துலைப் பெண் இருக்கிறாள். காலையும் மாலையும் தேத்தண்ணி என்னிடம்தான். ஒரு நாள் படத்தின் கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

"அண்ணே, முருகனையே செக்ரட்டரி ஆக்கிட்டீங்களா?"

"சிரி தங்கச்சி, சிரி. ஒனக்கு என்ன."

"எனக்கும் நடந்துச்சுண்ணே. பழைய கடையில எடுத்த இன்டர்நெட்ட நிப்பாட்ட மறந்து, ஒரு வருசம் அது பாட்டுக்குப் புதுசாகி, ஆளே இல்லாத கடைக்குப் பில்லு கட்டினேன். வாங்க இங்க."

அவளுடைய கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு தாள். அவள் புதுப்பிக்க வேண்டியது, நிப்பாட்ட வேண்டியது எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே எனக்கு ஒரு வரி போட்டாள். முதல் கட்டத்தில் என்ன விஷயம். அடுத்ததில் என்றைக்கு முடியும். அடுத்ததில் எத்தனை மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்கடுத்த கட்டத்தில் அவள் ஒன்றும் அடிக்கவில்லை, அந்த மெஷினே கழித்து, சொல்ல வேண்டிய கடைசி நாளைக் காட்டியது. முடிகிற நாளை வைத்து இல்லை, அந்தக் கடைசி நாளை வைத்துத்தான் எல்லாவற்றையும் மேலே கீழே அடுக்குவாளாம்.

"நகரசபை லைசன்சும் இருக்கு தங்கச்சி, வருசா வருசம் எடுக்கணும்."

"அதையும் போடுவோம். ஆனா அது வேற ஜாதிண்ணே. நாம பாக்காட்டி அது செத்துப் போகும். ஒங்க எக்ரிமெண்டு நாம பாக்காட்டி குட்டி போடும். குட்டி போடுறதுதான் ஆபத்து, சத்தமே வராது."

பிறகு என் போனை வாங்கி, கலண்டரில் ஏற்றினாள். ஒன்று ஒக்டோபரில், ஒன்று நவம்பர் கடைசியில், ஒன்று டிசம்பர் முதல் கிழமையில். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குத்தான் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, அவளுடைய போனும் அடிக்கும் என்றாள். "முருகன் மறந்தாலும் நான் வந்து கத்துவேன்." அந்தத் தடவை என்னாலும் சிரிக்க முடிந்தது.

இருந்தாலும் அதற்குப் பிறகு நான் காத்திருந்தது ஒரு முழு வருஷமும் அதற்கு மேலும். நாளைத் தெரிந்து வைத்திருப்பதால் நாள் சீக்கிரம் வந்துவிடாது. முன்பு மறந்து போய்க் கிடந்தேன், இப்போது ஞாபகத்தோடு கிடந்தேன். எது மேல் என்று சொல்ல முடியாது.

போன வருஷம் ஒக்டோபரில், ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாவுக் கையோடு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அவளுடையதும் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் நேரம் இருக்குண்ணே" என்றாள். "இல்ல தங்கச்சி, இப்பவே எழுது" என்றேன். கடிதம் டிசம்பர் முடிவதற்குள் அனுப்பப்பட்டால் போதாது, அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதை இந்தத் தடவை அவளை வைத்துச் சிங்களத்திலேயே ஒரு வரி விடாமல் வாசித்துக் கேட்டிருந்தேன். பதிவுத் தபாலில், வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வருகிற அட்டையும் சேர்த்துப் போட்டோம். முதலாளியிடம் வாயாலும் சொன்னேன். அவர் வடைப் பொதியைக் கைமாற்றிப் பிடித்து, "சரி அண்ணே, இந்த முறை ஒங்க பக்கம்" என்றார்.

அட்டை திரும்பி வந்தது. முதலாளியின் கையெழுத்து, தேதியோடு. அன்றைக்கு விடியற்காலைவரை காத்திருக்காமல் மத்தியானமே மனைவிக்குப் போன் பண்ணினேன்.

"அட்டைய எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

"கல்லாவுக்குள்ள."

"வெளியில தெரியிற மாதிரி வைங்க. சாமி பின்னால வச்சிராதீங்க."

நேற்று ஹட்டன் கடையில் இந்த வருஷத்துக் கலண்டரைக் கொடுத்தார்கள். இந்தத் தடவை பிள்ளையார். ஆணியில் மாட்டிவிட்டு, மார்ச் முடிகிற இடம்வரை தாளை விரலால் தள்ளிப் பார்த்தேன். மெல்லிசாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த தடித்த கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். அதைக் கிழிக்க வருகிற ஆள் யாரோ. வெளியே பனி இறங்கியிருந்தது. எனக்கு இன்னும் மார்ச் வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன்.